இதயத்துடிப்பு அலையிலிருந்து மின்சார இரைச்சலைப் பிரிக்கும் வடிகட்டி

மருத்துவமனையின் கண்காணிப்புத் திரையில் ஓடும் இசிஜி அலையில் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எளிதில் கலந்துவிடும். அதை நீக்கும்போது அலையின் வடிவம் கெடக்கூடாது. மருத்துவர் பார்ப்பது அந்த வடிவத்தைத்தான். இதற்கு ஏற்றது நேர்கட்ட எஃப்.ஐ.ஆர். வடிகட்டி. அதன் குணகங்கள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே மாதிரி அமைவதால், எல்லா அதிர்வெண்களும் சம அளவில் தாமதமாகின்றன. அவற்றின் ஒழுங்கு குலைவதில்லை.

வினாடிக்கு 500 மாதிரிகள் எடுக்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 39 ஹெர்ட்ஸ் வரை அலை அப்படியே கடக்க வேண்டும். மின்சாரத்தின் அதிர்வெண் சற்றே ஏறி இறங்கும் என்பதால், 49 ஹெர்ட்ஸிலிருந்தே 50 டெசிபெல் தடுப்பு வேண்டும். அதாவது இரைச்சல் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும்.

வெட்டு அதிர்வெண் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, 44 ஹெர்ட்ஸில் வைக்கப்படும். அந்தப் புள்ளியில் அலையின் வீச்சு பாதியாகிவிடும். எனவே வெட்டை 39-இலேயே வைப்பவர் காக்க வேண்டிய அலையையே இழப்பார்.

இலட்சிய வடிகட்டியின் குணகங்கள் முடிவின்றி நீள்பவை. அவற்றை ஓரிடத்தில் சட்டென வெட்டினால், தடுக்க வேண்டிய பகுதியில் அலைச்சிற்றலைகள் எழும். தடுப்பு 21 டெசிபெல் அளவோடு நின்றுவிடும். பலர் இங்கே குணகங்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அது வீண். சிற்றலைகள் வெட்டின் பக்கமாக நெருங்குமே தவிர, முதல் சிற்றலையின் உயரம் குறையாது. வடிகட்டியின் அதிர்வெண் வரைபடத்தை டெசிபெலில் வரைந்தால் இது உடனே தெரியும்.

உயரத்தைக் குறைப்பது சாளரம். குணகங்களை ஓரங்களை நோக்கி மெல்லத் தேய்க்கும் எடைவரிசை அது. ஹான் சாளரம் சுமார் 44 டெசிபெலும், ஹாமிங் 53-உம், பிளாக்மேன் 74-உம் தரும். ஆகவே தேவைப்படும் தடுப்பே சாளரத்தை முடிவு செய்கிறது. 50-க்கு ஹான் போதாது, ஹாமிங் போதும்.

நீளத்தைத் தீர்மானிப்பது கடப்புக்கும் தடுப்புக்கும் இடையிலான அகலம். இங்கே அது 10 ஹெர்ட்ஸ். மாதிரி வீதத்தால் வகுத்தால் 0.02. ஹாமிங்குக்கு 3.3-ஐ அதனால் வகுக்க, 165 குணகங்கள். நடுவிலிருந்து n-ஆவது குணகம், n = −82 முதல் 82 வரை:

```
h(n) = sin(0.176πn)/(πn) × (0.54 + 0.46 cos(πn/82))
h(0) = 0.176
```

எல்லாவற்றையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மாறா மின்னழுத்தம் அப்படியே கடக்கும்.

தாமதம் 82 மாதிரிகள், அதாவது 0.164 வினாடி. பிளாக்மேனைத் தேர்ந்தால் 275 குணகங்களும் 0.274 வினாடித் தாமதமும் ஆகும். எனவே தேவைக்கு மேல் வலிய சாளரம் வேண்டாம். 60 டெசிபெல் போன்ற இடைப்பட்ட தேவைக்குக் கைசர் சாளரமே தகுந்தது: அதன் பீட்டா அளவை 5.65 என வைத்தால் 183 குணகங்களில் வேலை முடிந்துவிடும்.