வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் திரும்பி வந்தால்

பூனாகலையிலிருந்து ஒரு தகப்பன் பண்டாரவளை வங்கிக் கிளையில் மகளுக்காக 3,000 பவுண் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது. ஒரே நாளில் பல நாடுகளிலிருந்து பணம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு, அது எந்த மாணவிக்கு உரியது என்று தெரியாது. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

திரும்பும் பணம் முழுமையாக வராது. இடையிலுள்ள வங்கிகள் 30 பவுண் கழித்தால் 2,970 வரும். அனுப்பியபோது பவுணை 410 ரூபாவுக்கு விற்ற வங்கி, இப்போது 400 ரூபாவுக்கு வாங்கினால், மொத்த நட்டம் 42,000 ரூபா.

இதைத் தவிர்க்க, அனுமதிக் கடிதத்திலுள்ள மாணவர் இலக்கத்தைப் படிவத்தின் கொடுப்பனவு விவரப் பகுதியில் முதலில் எழுதுங்கள். பிறகு மாணவரின் பெயரை எழுதுங்கள். இடம்பெயர்ந்தபோது கடிதம் தொலைந்திருந்தால், மாணவரின் மின்னஞ்சலில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். கிளையை விட்டு வெளியேறுமுன் SWIFT பிரதியைக் கேட்டு வாங்கி, கொடுப்பனவு விவரப் பகுதியில் அந்த இலக்கம் பிழையில்லாமல் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

இலக்கம் விடுபட்டது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். SWIFT பிரதியையும் மாணவர் இலக்கத்தையும் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். விடுபட்ட விவரத்தைப் பெறுநர் வங்கிக்கு அறிவிக்கும்படி உங்கள் கிளையிலும் எழுத்தில் கேளுங்கள். பணம் திரும்பப் புறப்பட்டுவிட்டால் இவை உதவாது. மீண்டும்தான் அனுப்ப வேண்டும். அப்படியானால் கட்டணத்துக்கான கடைசித் திகதியை நீடிக்கும்படி நிதிப் பிரிவிடம் உடனே கேளுங்கள்.