தனியா வாங்கினா ஒரு ரேட்... சேர்ந்து வாங்கினா ஒரு ரேட்! மளிகைக் கடைகளின் கூட்டுக் கொள்முதல் கணக்கு என்ன?

ஒரே தெருவில் ஐந்து மளிகைக் கடைகள். ஐந்து பேருமே வாரம் தலா 2 மூட்டை துவரம் பருப்பு வாங்குகிறார்கள். தனித்தனியாகப் போனால் 2 மூட்டை ரேட். சேர்ந்து போனால் 10 மூட்டை ரேட். கேட்க எளிதாக இருக்கும் இந்த யோசனை, நிஜத்தில் எப்போது கட்டுப்படியாகும்? எங்கே கையைக் கடிக்கும்?

மிச்சம் எவ்வளவு?

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பக்கத்து ஊர் மொத்தக் கடைக்காரர் 50 கிலோ மூட்டையை, கிலோ 120 ரூபாய் கணக்கில் கடைக்கே கொண்டுவந்து இறக்குகிறார். பணம் தர 15 நாள் தவணையும் உண்டு. அதே பருப்பு மண்டியில் 10 மூட்டை எடுத்தால் கிலோ 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

10 மூட்டை என்றால் 500 கிலோ. கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் 2,500 ரூபாய் மிச்சம். ஆனால் மண்டியில் இருந்து சரக்கைக் கொண்டுவருவது இனி கடைக்காரர்கள் பொறுப்பு. வண்டி வாடகை 900 ரூபாய், மூட்டைக்கு 20 ரூபாய் வீதம் ஏற்று, இறக்குக் கூலி 200 ரூபாய். இதைக் கழித்தால் 1,400 ரூபாய். அதாவது, ஒரு கடைக்கு வாரம் 280 ரூபாய்.

மண்டியில் கடன் கிடைக்காது என்றால் இன்னொரு செலவும் சேரும். ஒவ்வொரு கடைக்காரரும் 11,500 ரூபாயை ரொக்கமாகத் தர வேண்டும். அதை 2 வட்டிக்கு வாங்கினால் 15 நாளுக்கு 115 ரூபாய் போய்விடும். கடைசியில் கையில் நிற்பது 165 ரூபாய்தான். கையில் ரொக்கம் புழங்கும் கடைக்கும், கடனில் ஓடும் கடைக்கும் ஒரே ரேட் ஒரே லாபத்தைத் தராது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஒருத்தர் விலகினா என்ன ஆகும்?

இதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம். ஒரு வாரம் ஒரு கடைக்காரர் "எனக்கு இந்த வாட்டி வேண்டாம்" என்கிறார். மூட்டை 8 ஆகிறது. 10 மூட்டை ரேட் கிடைக்காமல் கிலோ 117 ரூபாய் ஆகிவிட்டால் மொத்த மிச்சம் 1,200 ரூபாய். வண்டி வாடகை மட்டும் குறையாது, அதே 900 ரூபாய்தான். கூலி 160 ரூபாய். மீதி 140 ரூபாயை நாலு பேர் பிரித்தால் கடைக்கு 35 ரூபாய். வட்டி கட்டுபவருக்கு நஷ்டம்!

அதனால் மண்டிக்குப் போன் போடுவதற்கு முன்பே எல்லோரிடமும் அளவையும் முன்பணத்தையும் வாங்கிவிடுவது முக்கியம். பணம் தராதவரின் மூட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வண்டி நிறைய அரிசி, உளுந்து என வேறு சரக்கும் ஏற்றினால் வாடகைச் சுமை பரவி, ஒருவர் விலகினாலும் அடி குறையும்.

பில் யார் பெயரில்?

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரே கடையின் பெயரில் மொத்தமாக பில் போட்டு, பிறகு சரக்கைப் பிரித்துக்கொண்டால், அந்த ஒரு கடை மற்ற நாலு கடைக்கும் விற்றதாகத்தான் கணக்கு. அந்தக் கடையின் ஆண்டு விற்றுமுதல் காகிதத்தில் வீங்கிவிடும். பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பு 40 லட்சம் ரூபாய். வரம்புக்குக் கீழே இருந்த சின்னக் கடை, மற்றவர்களின் சரக்கால் அதைத் தாண்டிவிடலாம்.

25 கிலோவுக்கு மேற்பட்ட பருப்பு, அரிசி மூட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனாலும் அந்த விற்பனை மொத்த விற்றுமுதலில் சேரும். இதைத் தவிர்க்க, ரேட்டை மட்டும் சேர்ந்து பேசிவிட்டு, ஐந்து கடைக்கும் தனித்தனி பில் போடச் சொல்லி ஒரே வண்டியில் ஏற்றுவதுதான் நல்லது.

சண்டை எங்கே வரும்?

பெரும்பாலும் தரத்திலும் எடையிலும்தான். 10 மூட்டையில் இரண்டு மட்டும் உடைசலாக இருந்தால், அது யார் தலையில்? மண்டியில் பார்த்த சாம்பிளில் கால் கிலோவை எடுத்துவந்து, இறக்கும்போது ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எடையையும் எல்லோர் முன்னிலையிலேயே போட்டுவிட வேண்டும். பில், வாடகை ரசீது இரண்டையும் அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், 'மண்டிக்குப் போனவர் கமிஷன் அடித்துவிட்டார்' என்ற பேச்சு எழாது.

இது பெரிசா வளருமா?

வளர்ந்த கதை ஜெர்மனியில் இருக்கிறது. 1898-ல் பெர்லினில் மளிகை வியாபாரிகள் சேர்ந்து ஒரு கொள்முதல் கூட்டுறவு தொடங்கினார்கள். அதன் நீண்ட பெயரின் சுருக்கம் 'இ.டி.கே'. அதை ஜெர்மன் மொழியில் உச்சரித்ததில் இருந்து வந்த பெயர்தான் 'எடேகா'. இன்று அந்நாட்டின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமங்களில் ஒன்று அது. இப்போதும் அதன் பல கடைகளைத் தனித்தனி முதலாளிகள்தான் நடத்துகிறார்கள்.

நம்ம தெருவில் அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியதில்லை. முதல் மாதம் ஒரே ஒரு சரக்கு, ஒரே ஒரு மண்டி. நாலு வாரம் கழித்து வாடகை, கூலி, வட்டி எல்லாம் போக மூட்டைக்கு எவ்வளவு நின்றது என்று பார்த்தால், தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.