கடை சாத்திய பின் வரும் செய்தி

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். காலை 9.30-க்குத் திறந்து இரவு 8.30-க்கு ஷட்டர் இறக்குகிறார்கள், ஞாயிறு விடுமுறை. ஆனால் வாட்ஸ்அப்பில் சேலைப் படத்தைப் பார்த்து, ‘இந்தக் கலர் இருக்கா?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து, சாப்பிட்டு, போனைக் கையில் எடுக்கும் இரவு நேரத்தில்தான் கேட்கிறார்கள். 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கென்று ஒரு வசதி உண்டு: கடை மூடியிருக்கும்போது செய்தி வந்தால், முன்பே எழுதிவைத்த பதிலைத் தானாக அனுப்பும். இதை வெறும் மரியாதைச் சொல்லாக நினைத்துத்தான் பலரும் போட்டுவைக்கிறார்கள். உண்மையில் அது கடையின் பெயரால் கொடுக்கப்படும் வாக்கு. வாக்குக் கொடுப்பது மட்டுமே இயந்திரத்தின் வேலை. அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு, யார் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற மறுநாள் காலைப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் இல்லாத கடைக்கு இந்த வசதி நன்மையை விடக் கெடுதலே அதிகம் செய்யும் என்பது என் கருத்து.

தானியங்கிப் பதில் முடிவெடுக்கும் முறை எளிமையானது. கடையின் விவரப் பக்கத்தில் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்திருப்போம். பதில் எப்போது போகவேண்டும் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: எப்போதும், நாமே தொடக்கமும் முடிவும் குறிக்கும் `Custom schedule`, வேலை நேரத்துக்கு வெளியே என்ற `Outside of business hours`. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால், செய்தி வந்த நேரத்தைக் கிழமை அட்டவணையோடு ஒப்பிட்டு, கடை மூடியிருந்தால் மட்டும் பதில் போகும். இதில் பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. இரவில் டேட்டாவை அணைத்துவிட்டுப் படுத்தால் பதில் போகாது. போனில் இணையம் இருந்தாக வேண்டும். வேறொரு எண்ணிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சிக்கல் தொடங்குவது பண்டிகையில். 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள், அதை அடுத்து ஞாயிறு. புதன் இரவு 8.30-க்குச் சாத்திய கடை திங்கள் காலை 9.30-க்குத்தான் திறக்கிறது, நடுவில் 109 மணி நேரம். ஆனால் கிழமை அட்டவணைக்குப் பொங்கல் தெரியாது. வியாழன் காலை 11 மணிக்கு வரும் கேள்வியைக் கடை திறந்திருக்கும்போது வந்ததாகவே கணக்கு வைக்கும், பதில் அனுப்பாது. அன்று இரவு 9 மணிக்குக் கேட்பவருக்கோ, ‘நாளை காலை பதில் தருகிறோம்’ என்று வழக்கமான வாசகம் போய்விடும். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் காத்திருப்பார். ஆகவே விதிகளின் வரிசை முக்கியம்: முதலில் தேதியைப் பார்க்கவேண்டும், அது விதிவிலக்குப் பட்டியலில் இல்லாவிட்டால்தான் கிழமையைப் பார்க்கவேண்டும். விதிவிலக்கு இரு பக்கமும் வேலை செய்யும் என்பதையும் மறக்கக்கூடாது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அதற்கு முந்தைய ஞாயிறான நவம்பர் 1 அன்று சேலைக்கடை எதுவும் விடுமுறை விடப்போவதில்லை. கிழமையை மட்டும் பார்க்கும் இயந்திரம், வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அந்த நாளில் ‘இன்று விடுமுறை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். செயலியை மட்டும் வைத்திருப்பவர் செய்யக்கூடியது, பண்டிகைக்கு முன் `Custom schedule`-க்கு மாறிப் புதன் இரவு முதல் திங்கள் காலை வரை குறிப்பதும், திங்களன்று மறக்காமல் பழைய தேர்வுக்குத் திரும்புவதும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது.

வாசகத்திலும் இதே கவனம் வேண்டும். ‘நாளை’, ‘விரைவில்’ என்பவற்றை விட்டு, ‘திங்கள், ஜனவரி 19, இந்திய நேரம் காலை 11 மணிக்குள் பதில் தருகிறோம்’ என்று எழுதலாம். சிங்கப்பூரிலிருந்து கேட்பவருக்கு நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. திறக்கும் 9.30 மணியை ஏன் போடவில்லை என்றால், நான்கு நாள் கேள்விகளைப் படித்து, அலமாரியில் சேலையைப் பார்த்துச் சொல்ல நேரம் வேண்டும். ஒருவர் ஐந்து செய்தி அனுப்பினால் ஐந்து முறை இதையே சொல்வதும் கூடாது. மின்னஞ்சல் உலகம் இதை எப்போதோ கற்றுக்கொண்டது. எரிக் ஆல்மன் எழுதிய ‘வெக்கேஷன்’ என்ற பழைய நிரல், ஒரே ஆளுக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் பதில் போடாது. இல்லாவிட்டால் விடுமுறையில் இருக்கும் இருவருடைய இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லியே பெட்டியை நிரப்பிவிடும். 2004-இல் வந்த `RFC 3834` என்ற ஆவணம் இந்தக் கட்டுப்பாட்டை எல்லோருக்குமான பரிந்துரையாக்கியது.

இனி திங்கள் காலை. போனைத் திறந்தால் உரையாடல்கள் புதியது மேலே, பழையது கீழே என்று நிற்கும். பொங்கலன்றே கேட்டவர் அடியில் கிடப்பார். ஞாயிறு இரவு கேட்டவர் உச்சியில். சுங்குடியில் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சேலைகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. ஒரே சேலையை மூவர் கேட்டிருந்தால், மேலிருந்து பதில் சொல்லிக்கொண்டு வருபவர் கடைசியாகக் கேட்டவருக்கு விற்றுவிட்டு, முதலில் கேட்டவருக்கு ‘தீர்ந்துவிட்டது’ என்பார். நான்கு நாளைக்கு முன் தரப்பட்ட வாக்கு அவர் திரையில் இன்னும் இருக்கும். அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. தானியங்கிப் பதில் போன உரையாடலில் கடைசி வரி நம்முடையதாகவே இருக்கும்; அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது பதில் சொல்லி முடித்த உரையாடல். அதனால் பட்டியலில் யார் இடம்பெறவேண்டும் என்பதைக் கடைசி வரியை வைத்து முடிவு செய்யக்கூடாது. கடை மூடிய பிறகு செய்தி அனுப்பி, மனிதர் கைப்பட ஒரு பதிலும் பெறாதவர் எல்லோரும் பட்டியலில் வரவேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி போதும்: பெயர், முதல் செய்தி வந்த நேரம், என்ன கேட்டார், எத்தனை மணிக்குள் என்று சொல்லியிருக்கிறோம், யார் பதில் சொல்லப்போகிறார். முதல் செய்தியின் நேரப்படி பழையதிலிருந்து தொடங்கவேண்டும். நோட்டில் எழுதினாலும் சரி, செயலியின் லேபிளை ஒட்டிவைத்தாலும் சரி. ஆனால் இரவில் ஆர்வத்தில் திறந்து பார்த்துவிட்டுப் படுப்பவர், படிக்காதவை என்ற அடையாளத்தை அழித்துவிடுகிறார். அவர் அதைத் திரும்பக் குறித்துவைக்க வேண்டும்.

பெரிய கடைகள் செயலியை விட்டு வாட்ஸ்அப்பின் ஏபிஐ வழியாக மென்பொருள் வைத்துக்கொள்ளும்போது தேதி விதிவிலக்கையும் பட்டியலையும் கணினியே பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். அங்கே வேறொரு கெடு உண்டு. வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் விருப்பப்படி எழுதமுடியும். அதன் பிறகு முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வார்ப்பு வாசகத்தைத்தான் அனுப்பமுடியும். சனி இரவு 9 மணிக் கேள்விக்குத் திங்கள் காலைக்குள் அந்தக் கெடு தாண்டிவிடும். தானியங்கிப் பதில் போனதால் அது நீளாது. வாடிக்கையாளர் மறுபடி எழுதினால்தான் நீளும். அதனால் ‘கேட்டிருந்த சேலை பற்றிப் பேசலாமா?’ என்ற வகையில் ஒரு வார்ப்பையாவது முன்பே ஒப்புதல் வாங்கி வைத்திருக்கவேண்டும்.

நம் ஊர் வியாபாரம் முகம் பார்த்து நடப்பது, இயந்திரம் பேசினால் பழகியவர் மனம் கோணும் என்பார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரிக்கு இந்த வாசகம் போகத் தேவையில்லை. முகவரிப் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு மட்டும் பதில் போகும்படி செயலியிலேயே தேர்வு உண்டு. ஆனால் அவருடைய செய்தியும் காலைப் பட்டியலில் வரவேண்டும், இதைத்தான் மறந்துவிடுவார்கள். காத்திருக்காதவர் எப்படியும் வேறு கடைக்குப் போவார், பிறகு எதற்கு இது என்பது இன்னொரு கேள்வி. போகிறவர் போகட்டும், இது காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கானது. எத்தனை மணி வரை என்று தெரியாமல்தான் அவர் இன்னொரு கடையையும் கேட்டுவைக்கிறார்.

இந்த ஏற்பாடு பொருந்தாத தொழில்களும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. விடியுமுன் சரக்கு கைமாறும் பூ வியாபாரத்தில் இரவு 11 மணிச் செய்தி என்பது காலை ஆர்டர். ‘9.30-க்குப் பதில் தருகிறோம்’ என்று அதற்குச் சொன்னால், அந்த நேரத்தில் மல்லிகை மாலையாகியிருக்கும். நிலக்கோட்டையில் பூ வாங்கி அனுப்புகிறவரோ, ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறவரோ இதை வைத்துக்கொள்ள விரும்பினால், வேலை நேரத்தை இரவில் குறித்து, அவர் தூங்கும் பகல் மணிகளை விடுமுறையாக்கி, பட்டியலை மாலையில் பார்க்கவேண்டும்.