நிஃப்டி நகரவில்லை, ஸ்டாப்லாஸ் அடித்துவிட்டது

வியாழக்கிழமை காலை நிஃப்டி 25,000-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் என்று நம்பும் ஒருவர், வரும் செவ்வாயன்று எக்ஸ்பைரி ஆகும் 25,000 கால் ஆப்ஷனை 150 ரூபாய்க்கு வாங்குகிறார். பிரீமியத்தில் 30 சதவீதம் போனால் வெளியே வந்துவிடுவது அவருடைய வழக்கம். அதனால் 105-ல் ஸ்டாப்லாஸ். திங்கள் காலை சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் அது அடித்துவிடுகிறது. நிஃப்டியைப் பார்த்தால் அதே 25,000.

“மார்க்கெட் இறங்கவே இல்லையேண்ணே, அப்புறம் எப்படி அடிச்சுது?” ஆப்ஷன் வாங்கிப் பழகும் தம்பிமார்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. நிஃப்டி நிற்கும் இடத்திலேயே ஸ்ட்ரைக் உள்ள ஆப்ஷனின் பிரீமியம், மீதமிருக்கும் நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். வியாழன் காலையில் கையில் நான்கு வர்த்தக நாட்கள். திங்கள் காலையில் இரண்டுதான். வர்க்கமூலம் 2-லிருந்து 1.41 ஆகிறது, 150 ரூபாய் 106 ஆகிறது. செவ்வாய் காலையில் ஒரே நாள், 75 ரூபாய். நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையாமலே பாதி போய்விடும். நிஜச் சந்தையில் சனி, ஞாயிறின் தேய்மானத்தை வெள்ளியன்றே கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள் என்பதால் ரூபாய் சற்று முன்பின் இருக்கும், போக்கு மாறாது.

காலம் தின்றது போக ஏற்ற இறக்க எதிர்பார்ப்பும் தின்னும். சந்தை பெரிதாக ஆடும் என்று எல்லோரும் நினைக்கும்போது பிரீமியம் உப்பியிருக்கும். பயம் தெளிந்ததும் வற்றும். அந்த எதிர்பார்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நம்முடைய 150 ரூபாய் கால், நிஃப்டி நகராமலே சுமார் 120-க்கு வந்துவிடும். 2024 ஜூன் 4 தேர்தல் முடிவன்று நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. மறுநாள் 3 சதவீதத்துக்கு மேல் மீண்டது, கூடவே இந்தியா விக்ஸ் கால் பங்குக்கு மேல் இறங்கியது. ஏறும் என்று முந்தைய நாள் தொலைவான ஸ்ட்ரைக்குகளில் கால் வாங்கியவர்களுக்கு, திசை சரியாக இருந்தும் கிடைக்க வேண்டியது முழுதாகக் கிடைக்காத நாள் அது.

சரி, பிரீமியத்தை விட்டுவிட்டு நிஃப்டியையே பார்ப்போம் என்பது இரண்டாவது வழி. சார்ட்டில் 24,880-ல் ஒரு சப்போர்ட் தெரிகிறது. அது உடைந்தால் நம் எண்ணம் தவறு, வெளியேறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 24,880 என்றைக்கு வருகிறது என்பதைப் பொறுத்து விலை மாறும். வியாழனன்றே வந்தால் ஆப்ஷன் சுமார் 98 ரூபாய், நஷ்டம் 52. திங்கள் காலையில் வந்தால் 57 ரூபாய், நஷ்டம் 93. செவ்வாய் காலை என்றால் மிஞ்சுவது 30 ரூபாய், நஷ்டம் 120. லெவல் ஒன்றுதான், பறிபோவது மூன்று விதம். வியாழனின் 52-ஐ வைத்து எத்தனை லாட் என்று முடிவு செய்தவர் செவ்வாயன்று இரண்டு மடங்குக்கு மேல் இழப்பார்.

அதே தடுமாற்றம் சதவீதத்திலும் மறைந்திருக்கிறது. வியாழனன்று 30 சதவீதம் போக நிஃப்டி 100 புள்ளி இறங்க வேண்டும். எக்ஸ்பைரி நாளில் 40 ரூபாய்க்கு வாங்கிய கால் 30 சதவீதம் இழக்க 27 புள்ளி போதும். 27 புள்ளி என்பது அன்றைக்கு நிஃப்டி மூச்சு விடும் அளவு. எக்ஸ்பைரி நாளில் சதவீத ஸ்டாப்லாஸ் போடுவது, காற்றுக்கே அணையும்படி விளக்கை வாசலில் வைப்பது போலத்தான்.

ஆர்டர் போடும் முறையிலும் வித்தியாசம் உண்டு. பிரீமிய ஸ்டாப்லாஸை எக்ஸ்சேஞ்சிலேயே உட்கார வைக்கலாம். ஆனால் ஆப்ஷன்களில் எஸ்எல்-மார்க்கெட் ஆர்டரை என்எஸ்இ 2021-லேயே நிறுத்திவிட்டது. ட்ரிகரோடு லிமிட் விலையும் தர வேண்டும். 105 ட்ரிகர், 103 லிமிட் என்று போட்டுவிட்டு, காலை 9.15-க்கு ஆப்ஷன் 90-ல் திறந்தால் ஆர்டர் உயிரோடு இருக்கும், விற்காது. லெவல் வழியில், நிஃப்டி 24,880-ஐத் தொட்டதைப் பார்த்து ஆப்ஷனை விற்பது நம் பொறுப்பு, அல்லது நம் புரோக்கரின் மென்பொருள் பொறுப்பு. இணையம் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

இரண்டில் எது என்பதை வாதம் செய்து தீர்க்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் செய்யும் பிழை, இரண்டு வழிக்கும் தனித்தனியே பேக்டெஸ்ட் ஓட்டி மொத்த லாபத்தை ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் ஒன்றிரண்டு பெரிய லாபங்கள் எந்தப் பக்கம் விழுந்தன என்பதுதான் தெரியும். ஒரே நுழைவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெளியேற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் அடித்தவை, இரண்டும் அடிக்காதவை, பிரீமியம் மட்டும் அடித்தவை, லெவல் மட்டும் அடித்தவை என்று நான்கு கட்டங்கள் கிடைக்கும். முதல் இரண்டையும் சற்று ஒதுக்கி வைக்கலாம். தீர்ப்பு கடைசி இரண்டில் இருக்கிறது. லெவல் மட்டும் அடித்தது அபூர்வமாகத்தான் வரும்: உப்பிய பிரீமியம், இறங்கும் சந்தையிலும் வற்றாமல் நிற்கும் நாட்கள் அவை.

பிரீமியம் மட்டும் அடித்த வியாபாரங்களில், அடித்த நிமிடத்தில் நிஃப்டி எங்கே இருந்தது, எத்தனை நாள் மீதி என்று இரண்டு பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த ஆப்ஷன் வாங்கிய விலையைத் திரும்பத் தொட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் தொடவில்லை என்றால், சதவீதம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நிஃப்டி நகராததே உங்கள் எண்ணம் தவறு என்பதற்கு அடையாளம். நிறையத் தொட்டிருந்தால், அது உங்களைச் சும்மா கழற்றிவிட்டிருக்கிறது.

ஒப்பீடு நியாயமாக இருக்க, இரண்டு வழியிலும் சராசரி நஷ்டம் ஒரே அளவில் இருக்கும்படி முதலில் சதவீதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். 120 புள்ளி தாங்கும் லெவலையும் 100 புள்ளியில் அடிக்கும் சதவீதத்தையும் அப்படியே மோதவிட்டால், தளர்வான ஸ்டாப்லாஸ் ஜெயிக்கிறதா, லெவல் ஜெயிக்கிறதா என்று பிரிக்க முடியாது. ஆப்ஷன் விலைகள் நிஜமாக வியாபாரம் ஆன நிமிட விலைகளாக இருக்க வேண்டும். நிஃப்டியை மட்டும் வைத்து, மாறாத ஏற்ற இறக்க அளவில் சூத்திரம் போட்டுச் செய்த விலைகளில் பயம் தெளிவதே நடக்காது. அதனால் அந்தச் சோதனை சதவீத வழியைக் காரணமில்லாமல் நல்லதாகக் காட்டும். விற்ற விலையாக ட்ரிகர் விலையையே எழுதாமல், அடுத்த நிமிடத்தின் விலையை எழுதுங்கள். 28 சதவீதம் பிரமாதம், 30 மோசம் என்று வந்தால் அந்த 28 தற்செயல். 25 முதல் 40 வரை எங்கே வைத்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் நம்பலாம்.

என் கை பழகிய வழி கலவையானது. நிஃப்டி லெவல் முதலில், அதோடு ஒரு நாள் கெடு: திங்கள் காலைக்குள் நினைத்த பக்கம் நகராவிட்டால், லெவல் உடையாவிட்டாலும் விற்றுவிடுவது. 60 சதவீதத்தில் ஒரு பிரீமிய ஸ்டாப்லாஸ் எக்ஸ்சேஞ்சில் கிடக்கும், இணையம் போனால் பிடித்துக்கொள்ள. லாட் கணக்கை 52-ல் போடாமல் 93-ல் போடுகிறேன்.