தவணையில் எது செலவு?

திருப்பூரில் ஒரு சிறிய தையல் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மெஷின்கள் வாங்க வங்கியில் 10 லட்சம் ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், மூன்று ஆண்டுத் தவணை. மாதாமாதம் கணக்கிலிருந்து போவது 33,214 ரூபாய். அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் போடும்போது, இந்தத் தொகையை வாடகை, கரண்ட் பில், கூலி ஆகியவற்றோடு செலவாக எழுதிவிடுவதுதான் பலரின் வழக்கம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 10 லட்சத்துக்கு மாத வட்டி ஒரு சதவீதம், அதாவது 10,000 ரூபாய். மீதி 23,214 ரூபாய் அசல். வட்டி, பிறர் பணத்தைப் பயன்படுத்தியதற்கான கூலி, அது செலவு. அசலோ வாங்கிய கடனைத் திருப்பித் தருவது. கடன் கைக்கு வந்தபோது அதை வருமானமாக எழுதவில்லை அல்லவா? திருப்பித் தரும்போதும் அது செலவாகாது. அடுத்த மாதம் நிலுவை குறைவதால் வட்டி 9,768 ரூபாயாக இறங்கும், அசல் அந்த அளவுக்கு ஏறும். வங்கி தரும் தவணை அட்டவணையில் இந்தப் பிரிவு மாதவாரியாக இருக்கும். முதல் ஆண்டில் மொத்தம் கட்டுவது 3,98,572 ரூபாய். அதில் வட்டி 1,04,156, அசல் 2,94,416.

இந்த யூனிட்டுக்கு வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முன் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் மிஞ்சுகிறது என்போம். மெஷினுக்கு 15 சதவீதத் தேய்மானம் 1,50,000. அதையும் வட்டியையும் கழித்தால் லாபம் 2,25,844 ரூபாய். தவணை முழுவதையும் செலவாக்கினால் அதே யூனிட் 68,572 ரூபாய் நட்டம் காட்டும். மெஷினின் விலை தேய்மானமாக ஒரு முறை, அசலாக இன்னொரு முறை என இரண்டு தடவை கழிந்துவிடுவதே காரணம். இல்லாத நட்டத்தைப் பார்த்து நல்ல ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும்.

அதற்காக அசலை பட்ஜெட்டிலிருந்து விட்டுவிடவும் கூடாது. லாபக் கணக்கில் வட்டி மட்டும் வரட்டும். பணவரவுக் கணக்கில் வட்டி, அசல் இரண்டும் தனித்தனி வரிகளில் வர வேண்டும். தேய்மானத்துக்குக் கையிலிருந்து பணம் போவதில்லை, அதனால் பணவரவுக் கணக்கில் அதற்கு இடமில்லை. அந்தக் கணக்கின்படி 4,80,000-இல் தவணை போக மிஞ்சுவது 81,428 ரூபாய்தான். வருமான வரியும் வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் இதற்குள் அடங்க வேண்டும். லாபம் இரண்டேகால் லட்சம் என்று நம்பி அதை வீட்டுக்கு எடுத்தால், சில மாதங்களில் தவணை பவுன்ஸ் ஆகும்.

பிரித்தது சரிதானா என்று ஆண்டு முடிவில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வங்கி காட்டும் நிலுவை 7,05,584 ரூபாய். உங்கள் புத்தகத்தில் இன்னும் 10 லட்சமே இருந்தால், தவணை முழுவதும் செலவில் போயிருக்கிறது. 6,01,428 என்று இருந்தால், வட்டியையும் சேர்த்து அசலில் கழித்திருக்கிறீர்கள். வட்டி விகிதம் மாறும் கடனாக இருந்தால், மாறிய மாதத்திலேயே புதிய அட்டவணையை வாங்கி, மீதி மாதங்களின் இரண்டு வரிகளையும் திருத்தி எழுத வேண்டும்.