94 சதவீத பிரிண்ட்: ஏ4-உம் லெட்டரும்

பிடிஎஃப்பை பிரிண்ட் எடுத்தா எழுத்து லேசா சின்னதா, சுத்தி வெள்ளை அதிகமா வருதா? கடிதம்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. வீட்டுல சர்க்யூட் போர்டு செய்றவங்களுக்கு இது கையைக் கடிக்கும். 40 கால் ஐசி ஒன்றில் ஒரு வரிசையின் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 48.26 மி.மீ. பிரிண்டில் அது 45.4 ஆகிவிட்டால், துளை போட்ட பிறகு ஐசி உட்காராது.

இந்த 45.4 எங்கிருந்து வருது? ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அமெரிக்காவின் லெட்டர் தாள் 215.9 × 279.4. அதாவது லெட்டர் கொஞ்சம் அகலம், ஆனா 17.6 மி.மீ. குட்டை. பிடிஎஃப் ஏ4-ல இருக்கு, பிரிண்டர் அமைப்பில் லெட்டர்னு இருக்குன்னு வைங்க. அந்த உயரத்துக்குள் பக்கத்தை அடக்க, மென்பொருள் 279.4-ஐ 297-ஆல் வகுத்துச் சுருக்குகிறது: சுமார் 94 சதவீதம். ட்ரேயில் நிஜமாகவே ஏ4 தாள் இருந்தாலும் கதை இதுதான். தட்டில் என்ன தாள் இருக்குன்னு மென்பொருளுக்குத் தெரியாது, அமைப்பில் இருப்பதைத்தான் அது நம்பும்.

பிரிண்டரால் தாளின் ஓரம் வரை அச்சிட முடியாது. `Fit` தேர்வு அந்த ஓரத்தையும் கழிப்பதால் இன்னும் சில சதவீதம் குறையும். ஏ4-ஐ ஏ4-லேயே அடித்தாலும் `Fit` கொஞ்சம் சுருக்கும். அதனால ஸ்கேல் வைத்து அளந்தா சுருங்கியிருக்குன்னு தெரியும், காரணம் தெரியாது.

காரணத்துக்கு முதலில் கோப்பைப் பாருங்க. அக்ரோபாட் ரீடரில் Ctrl+D அழுத்தினால் `Page Size` தெரியும். 8.27 × 11.69 அங்குலம்னா ஏ4, 8.50 × 11.00-னா லெட்டர். அடுத்து பிரிண்ட் பெட்டியில் `Page Setup` திறந்து, ட்ரேயில் உள்ள தாளையே தேர்ந்தெடுங்க. கடைசியா `Actual size`.

இந்த வரிசை முக்கியம். அமைப்பு லெட்டராவே இருக்க, `Actual size` மட்டும் மாற்றினால் அளவு சரியா வரும், ஆனா உயரத்தில் 17.6 மி.மீ. வெட்டுப்படும். கோப்பு லெட்டர், தாள் ஏ4 என்றால் அவ்வளவு சிக்கல் இல்லை. பக்கத்துக்கு 3 மி.மீ. தான் வெளியே போகும், அது பெரும்பாலும் வெற்று மார்ஜின்.

ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டாம்னா, விண்டோஸில் பிரிண்டரின் `Printing preferences`-ல் ஏ4-ஐ நிரந்தரமாக வைத்துவிடலாம். போர்டு வரைபடத்தின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வையுங்க. செம்புத் தகடைத் தொடும் முன் அந்தக் கோட்டை அளந்தா போதும்.