வைஃபை பாஸ்வேர்டு மட்டும் போதாது; பேரையும் மாத்துங்க!

புது வீட்டுக்குப் போனதும் பிராட்பேண்ட் போட வந்தவர் ரூட்டரை மாட்டுறார். "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?"னு கேட்கிறார். நாமும் யோசிக்காம மொபைல் நம்பரைச் சொல்லிடுறோம். வைஃபை பேர் கம்பெனி கொடுத்தபடியே இருந்துடுது. இந்த ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு விஷயம். நீங்க டைப் பண்ற பாஸ்வேர்டு நேரடியா பூட்டுச் சாவி ஆகாது. இன்னைக்கு பெரும்பாலான வீடுகள்ல இருக்கிற WPA2 முறையில, ரூட்டர் உங்க பாஸ்வேர்டையும் வைஃபை பேரையும் சேர்த்து அரைச்சு, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை உருவாக்குது. உங்க போனும் அதே கணக்கைத் தனியா போட்டு அதே சாவிக்கு வந்து சேருது. பாஸ்வேர்டு காத்துல போறதே இல்லை.

அந்த அரைக்கிற வேலை ஒரு தடவையோட முடியாது, 4096 சுற்று நடக்கும். கூட்டு வட்டி மாதிரிதான்: ஒரு சுற்றுல வந்த விடையை வச்சுத்தான் அடுத்த சுற்று. லேப்டாப்ல பைத்தான் இருந்தா நீங்களே செஞ்சு பார்க்கலாம்:

```
import hashlib
print(hashlib.pbkdf2_hmac('sha1', b'password', b'IEEE', 4096, 32).hex())
```

இதுல `password` என்பது பாஸ்வேர்டு, `IEEE` என்பது வைஃபை பேர். விடை `f42c6fc5`னு ஆரம்பிக்கும். பாஸ்வேர்டை அப்படியே விட்டுட்டு பேரை மட்டும் மாத்திப் பாருங்க. சாவி முழுசா வேற ஆயிடும்.

சரி, 4096 சுற்று எதுக்கு? உங்க போன் வைஃபையில சேரும்போது ரூட்டரோட நடக்கிற சின்னப் பேச்சை, பக்கத்துல இருக்கிற யார் வேணும்னாலும் பதிவு பண்ணலாம். அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு பாஸ்வேர்டா யூகிச்சு, சாவி செஞ்சு, பொருந்துதான்னு பார்க்கலாம். ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு யூகத்துக்கும் 4096 சுற்று போட வேண்டியிருக்கிறதால அவங்க வேகம் குறையுது. உங்களுக்கு அது ஒரு தடவைக் கணக்கு, கண்ணுக்கே தெரியாது.

இப்போ கணக்குக்கு வருவோம். இந்திய மொபைல் நம்பர் 10 இலக்கம், 6 முதல் 9 வரைக்குள்ள ஆரம்பிக்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. கேமிங்குக்கு வாங்குற ஒரு உயர்ரக கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 10 லட்சம் யூகம் போடும்னு வச்சுக்கலாம். 4000 வினாடி, அதாவது 67 நிமிஷத்துல எல்லா நம்பரும் முடிஞ்சது.

பேர் எங்கே வருதுன்னு கேட்கலாம். அந்த 67 நிமிஷ வேலை ஒரு குறிப்பிட்ட வைஃபை பேருக்கு மட்டும்தான் செல்லும். உங்க பேர் தனிப்பட்டதா இருந்தா, உங்களுக்காகவே உட்கார்ந்து புதுசா போடணும். ஆனா `linksys`, `default` மாதிரி ஆயிரம் வீட்ல இருக்கிற பேரா இருந்தா, ஒரே ஒரு தடவை போட்டு பட்டியலா வச்சுக்கலாம். ஒரு சாவிக்கு 32 பைட், 400 கோடி சாவிக்கு 128 ஜிபி. ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும்! அதுக்கப்புறம் அந்தப் பேர் உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் 4096 சுற்று வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கும். பொருந்துதான்னு சரிபார்க்கிறது மட்டும்தான் பாக்கி. இது கற்பனை இல்லை. அதிகம் புழங்குற 1000 வைஃபை பேர்களுக்கு இப்படி முன்கூட்டியே போட்ட பட்டியல்கள் பல வருஷம் முன்னாடியே இணையத்துல வெளியாயிடுச்சு.

ஆனா ஒண்ணு, பேரை மாத்துறதால மட்டும் மொபைல் நம்பர் பாஸ்வேர்டு பாதுகாப்பா ஆயிடாது. ரெடிமேட் பட்டியல்தான் பயன்படாம போகும். அந்த 67 நிமிஷம் அப்படியேதான் இருக்கு. சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து, எந்த அர்த்தமும் இல்லாம 12 இடத்துக்கு வச்சா, அதே கார்டுக்கு எல்லாத்தையும் முயற்சி பண்ண சுமார் ஒன்றரை லட்சம் வருஷம் ஆகும்.

உள்ள வந்தா பேங்க் பணம் உடனே போயிடுமா? இல்லை. பேங்க் ஆப்புக்குத் தனி என்கிரிப்ஷன் இருக்கு. ஆனா கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு. அதுல யாரோ ஒரு மோசடி செஞ்சா, விசாரணை முதல்ல வர்றது உங்க வீட்டுக்குத்தான்.

அதனால ரூட்டர் செட்டிங்ஸ்ல போய் பாஸ்வேர்டோட பேரையும் மாத்துங்க. `Home` மாதிரி எல்லாரும் வைக்கிற பேர் வேண்டாம். உங்க பேர், கதவு நம்பரும் வேண்டாம். `murungai-sambar-47` மாதிரி எதையாவது வைங்க. WPA3 இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. அதுல பதிவு பண்ணி எடுத்துட்டுப் போய் யூகிக்கிற வழியே அடைபடும். ஆனா WPA2/WPA3 கலவைன்னு வச்சா, பழைய போன்கள் பழைய முறையிலதான் சேரும். அங்கே மேல சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

மாத்தினதும் எல்லா போனையும் டிவியையும் மறுபடி சேர்க்கணும். அதுக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிக்கோங்க.